ரயில் லேட், நடை சாத்திவிடுவார்கள்: இதைக் குழுவிடம் சொல்லப் புதுப் பசங்களை எப்படிப் பழக்குவது?

ஜூலை 6, இரவு 9.40 – பாளை வாசகர்

பாளையங்கோட்டையில் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். நவதிருப்பதி, நவகைலாயம், குற்றாலம், கன்னியாகுமரி என்று வெளியூர்க் குழுக்களைக் கூட்டிப்போவோம். இந்த சீசனுக்கு மூன்று பசங்களை வழிகாட்டியாக எடுத்திருக்கிறேன். தலபுராணம் மூவருக்கும் தண்ணிபட்ட பாடு. ஆனால் ரயில் லேட், நடை சாத்தியாச்சு, திட்டம் மாறுது என்று சொல்லவேண்டி வந்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது.

நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். முடிவு தெரியும்வரை வாயைத் திறக்காதே, யாராவது கேட்டால் "இந்தா ஆச்சு, அஞ்சே நிமிஷம்" என்று சமாளி. முன்கூட்டியே சொன்னால் கூட்டம் பதறும் என்பது என் கட்சி. வீட்டில் அவள் தப்பு என்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு 10.25 – முன்சீட்டுக்காரன்

உங்கள் வீட்டில் சொன்னதுதான் சரி.

பத்தொன்பது வருஷமாக பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவன் நான். முதல் நாலு வருஷம் எனக்கும் "அஞ்சே நிமிஷம்"தான் தாரக மந்திரம். அந்த அஞ்சு நிமிஷம் முடிந்ததும் பஸ்ஸில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவை எல்லோரும் வாட்சைப் பார்ப்பார்கள். இரண்டாவது தடவை ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மூன்றாவது தடவை ஒருவர் போனை எடுத்து, ரயில் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆப்பைத் திறந்து, "கோவில்பட்டியே தாண்டலையாம்" என்று சத்தமாக வாசிப்பார். அதோடு நீங்கள் வழிகாட்டி இல்லை, அவர்தான் வழிகாட்டி. அப்புறம் நீங்கள் உண்மையையே சொன்னாலும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

ஜூலை 6, இரவு 10.50 – சவுண்டு சர்வீஸ்

பஸ்ஸுக்கு என்றால் தோளில் மாட்டுகிற சின்ன ஆம்ப்ளிஃபையரே போதும் அண்ணாச்சி. கையில் பிடிக்கிற மைக் வேண்டாம், பசங்க வாய்க்குள்ளே வைத்துப் பேசுவார்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஜூலை 6, இரவு 11.05 – முன்சீட்டுக்காரன்

கேள்வி மைக்கைப் பற்றி இல்லை அண்ணாச்சி. இருந்தாலும் சரி, வாய்க்குள் வைத்துப் பேசுகிறார்கள் என்பது சத்தியம்.

ஜூலை 7, காலை 6.15 – முன்சீட்டுக்காரன்

நேற்றுத் தூக்கம் வந்துவிட்டது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதிலேயே பாதிப் பயிற்சி இருக்கிறது.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. சென்னையிலிருந்து 36 பேர். முக்கால்வாசி அறுபது வயதுக்கு மேல். காலை ஏழு மணிக்குள் ஜங்ஷனுக்கு வரவேண்டிய ரயில் 2 மணி 40 நிமிஷம் லேட். திட்டம் இதுதான்: முற்பகலில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, அப்படியே வடகரையில் இரட்டைத் திருப்பதி, பெருங்குளம். சாயந்தரம் தென்திருப்பேரை, திருக்கோளூர், கடைசியாக ஆழ்வார்திருநகரி. இரவு திருநெல்வேலியில் தங்கல். மறுநாள் கன்னியாகுமரி.

ரயில் வந்து, பெட்டி எல்லாம் ஏற்றி, எல்லோரும் டிபன் சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி பத்தேகால். ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர பதினொன்று ஆகிவிடும். உச்சிவேளை ஆனால் நடை சாத்திவிடுவார்கள். காலையில் இரண்டு கோயிலைப் பார்த்தால் அதிர்ஷ்டம்.

அன்றைக்கு வழிகாட்டி என்னிடம் பழகிய பையன். கெட்டிக்காரன். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீவைகுண்டம் போகிற வழியிலேயே அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பெருங்குளமும் இரட்டைத் திருப்பதியும் வடகரையில் தள்ளி இருப்பவை, அவற்றை வெட்டினால் மீதி சரியாக வந்துவிடும். கணக்கு சரிதான். எழுந்து மைக்கைப் பிடித்தான். "ரயில் லேட்டானதால இரட்டைத் திருப்பதி ரெண்டு கோயிலும் பெருங்குளமும் இந்தத் தடவை கிடையாது. மன்னிச்சுக்கோங்க. பதறாதீங்க."

மூணே வினாடி அமைதி. அப்புறம் நாலாவது வரிசையில் ஒரு அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 7, காலை 6.40 – முன்சீட்டுக்காரன்

விட்ட இடத்திலிருந்து.

நவதிருப்பதியை நவக்கிரகத்தோடு சேர்த்துக் கும்பிடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டம் சூரியன், நத்தம் சந்திரன், புளிங்குடி புதன். பெருங்குளம் சனி. இரட்டைத் திருப்பதியில் ஒன்று ராகு, இன்னொன்று கேது. பையன் தூரத்தைப் பார்த்து வெட்டியது சரியாகச் சனி, ராகு, கேது மூன்றையும்! சூரியனுக்கும் சந்திரனுக்கும் மட்டும் யாராவது சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருவார்களா? அந்த அம்மா மகனுக்கு ஏழரைச் சனி என்று, சனிக்கிழமையாகப் பார்த்து, பெருங்குளத்துக்காகவே வந்தவர். பையில் எள் முடிச்சு வைத்திருந்தார், அதை எடுத்துக் காட்டினார்.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து போய் மைக்கை வாங்கவில்லை. அப்படி வாங்கினால் அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மூன்று நாளும் அவன் பேச்சு எடுபடாது. டிரைவரிடம் நிழல் பார்த்து ஓரம் கட்டச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவன் இறங்கி, அந்த அம்மா பக்கத்தில் போய் நின்று கேட்டான்: "அம்மா, உங்களுக்கு பெருங்குளம் முக்கியம். வேற யாருக்கு எது முக்கியம்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்." வரிசை வரிசையாகப் போய்க் கேட்டான். பத்து நிமிஷம் ஆனது. ராகு கேதுவுக்காக வந்தவர்கள் ஐந்து பேர். ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளியைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வாத்தியார். மீதிப் பேருக்கு ஒன்பதும் பார்த்தோம் என்ற திருப்தி வேண்டும், எந்த வரிசையில் என்பது பொருட்டில்லை.

அப்புறம் திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். காலையில் ஸ்ரீவைகுண்டமும் நத்தமும். மதியச் சாப்பாடு, ஓய்வு. சாயந்தரம் நடை திறந்ததும் முதலில் பெருங்குளம், அப்புறம் இரட்டைத் திருப்பதி, வெளிச்சம் இருந்தால் புளிங்குடி. தென்கரைக் கோயில்கள் மூன்றும் மறுநாள் காலை. கன்னியாகுமரிக்கு மதியத்துக்கு மேல் போய்ச் சேர்வோம். வெட்டியது விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு ஒன்றைத்தான். அதற்கு யாரும் அழவில்லை. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

ஆக எதை வெட்டுவது என்று முடிவெடுக்கும் முன் யார் எதற்காக வந்திருக்கிறார் என்று தெரிந்திருக்கவேண்டும். இப்போதெல்லாம் பதிவு செய்யும்போதே "எந்தக் கோயில் உங்களுக்கு முக்கியம்?" என்று கேட்டு, பெயர்ப் பட்டியலில் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடச் சொல்கிறேன். பசங்கள் தடுமாறுவது பேச்சில் என்று நினைக்கிறோம். பாதி நேரம் இந்தப் பட்டியல் கையில் இல்லாததுதான் காரணம்.

ஜூலை 7, காலை 9.30 – கடைசி சீட்டு ஆச்சி

நான் டிராவல்ஸ்காரி இல்லை, பயணி. வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படிக் குழுவோடு போகிறவள். ஒன்று சொல்கிறேன், கோபிக்கக்கூடாது. எங்களுக்கு ரயில் ஏன் லேட் என்பது வேண்டாம். எஞ்சின் கோளாறா, கிராசிங்கா, யார் தப்பு என்று பத்து நிமிஷம் விளக்குகிறார்கள். எனக்குத் தெரியவேண்டியது மூன்று. பாத்ரூம் எப்போது, சாப்பாடு எப்போது, என் சுகர் மாத்திரைப் பெட்டி பஸ்ஸின் அடியில் இருக்கிறதே அதை யார் எடுத்துத் தருவார்கள்.

போன வருஷம் ஒரு பையன் நாங்கள் பாதிப்பேர் கழிப்பறை வரிசையில் நிற்கும்போது பஸ்ஸில் மைக்கில் சொல்லிவிட்டான். திரும்பி வந்தால் ஆளுக்கு ஒரு கதை. ஒருத்தி திட்டமே ரத்து என்கிறாள், ஒருத்தர் நாளைக்கு என்கிறார்.

ஜூலை 7, காலை 10.10 – முன்சீட்டுக்காரன்

ஆச்சி சொன்னதைப் பசங்களுக்கு அச்சடித்துக் கொடுக்கலாம்.

அவர் சொன்னதை வைத்து நான் வழக்கமாகச் சொல்லும் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். பசங்களுக்கு நான் கொடுக்கும் வரிசை: என்ன ஆச்சு, அதனால் எது மாறுது, இப்போ நீங்க என்ன செய்யணும், அடுத்த சேதி எத்தனை மணிக்கு. காரணத்துக்கு ஒரே வாக்கியம், யார்மேலும் பழி இல்லாமல். இத்தனை நாளும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது யோசித்தால் முதலில் வரவேண்டியது எது மாறவில்லை என்பது. "ரூம் அதேதான். ராத்திரிச் சாப்பாடு அதேதான். ஊருக்குத் திரும்புற டிக்கெட்டும் அதேதான்." இந்த மூன்றைக் கேட்ட பிறகுதான் காது திறக்கும். அதற்கு முன் நாம் சொல்வதெல்லாம் "ஐயோ, அப்போ ராத்திரி எங்கே படுப்போம்?" என்ற ஓட்டத்தில் அடித்துப்போய்விடும்.

"பதறாதீங்க" என்ற வார்த்தையை அடியோடு விலக்கியாயிற்று. அதுவரை பதறாதவர்களும் அப்போதுதான் பதறுகிறார்கள்.

ஜூலை 7, பகல் 1.20 – ஸ்டேஷன் ரோடு

நீங்கள் எல்லோரும் கோயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். இணைப்பு ரயில் தவறினால்? அதற்குக் கவலையே வேண்டாம். முதல் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் லேட்டாகி அடுத்த ரயில் தவறினால் அந்த டிக்கெட் பணம் முழுக்க ரயில்வே கொடுத்துவிடும். வழிகாட்டி இதை மைக்கில் சொல்லிவிட்டால் கூட்டம் அடங்கிவிடும்.

ஜூலை 7, பகல் 2.45 – முன்சீட்டுக்காரன்

பாதி சரி அண்ணாச்சி. மீதிப் பாதியில்தான் பசங்கள் அடி வாங்குவார்கள்.

நீங்கள் இரண்டு விதிகளைக் கலந்துவிட்டீர்கள். 3 மணி நேரம் என்பது நாம் ஏறப்போகும் ரயிலே லேட்டாக வருவதற்கு. அப்படி லேட்டாகி நாம் ஏறவில்லை என்றால் முழுப் பணம் கிடைக்கும். அதற்கு ரயில் கிளம்பும் முன்பே, பணத்தைத் திரும்பக் கேட்கும் TDR மனு போடவேண்டும்.

இணைப்பு தவறுவது வேறு. அது 2019 ஏப்ரலில் வந்த ஏற்பாடு. இரண்டு டிக்கெட்டின் PNR-களையும் முன்கூட்டியே இணைத்திருக்கவேண்டும். இரண்டிலும் அதே பயணிகள், அதே விவரங்கள் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் முதல் ரயில் எத்தனை மணி நேரம் லேட் என்பது கணக்கில்லை, அதனால் இரண்டாவது தவறியதா என்பதுதான் கணக்கு. லேட்டான ரயில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கேட்கவேண்டும். இணைக்காமல் தனித்தனியாக எடுத்த டிக்கெட் என்றால் இந்தச் சலுகை இல்லை.

இன்னொன்று. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போடமுடியாது. 36 பேர் என்றால் குறைந்தது ஆறு PNR. அதில் நாலு இணைத்து இரண்டு விட்டுப்போயிருந்தால், மைக்கில் "எல்லாருக்கும் பணம் வந்துரும்" என்று சொன்ன பையன் கதி என்ன? பன்னிரண்டு பேர் அவனைச் சுற்றி நிற்பார்கள்.

அதைவிட முக்கியம், கிடைப்பது பணம்தான், அடுத்த ரயிலில் இடம் இல்லை. தவறவிட்ட மனுஷனின் முதல் கவலை ராத்திரி எப்படி ஊர் போவது என்பது. பணப் பேச்சை முதலில் எடுத்தால் "அப்போ ரயில் இல்லையா?" என்றுதான் காதில் விழும். பணத்தை மைக்கில் பேசவே வேண்டாம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிக்கெட் குழுவாகப் போய்ப் பேசவேண்டும்.

ஜூலை 7, பகல் 3.05 – ஸ்டேஷன் ரோடு

இணைக்கவேண்டும் என்பது விட்டுப்போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பணம் கிடைக்கும் என்று தெரிந்தால் ஆள் அமைதியாவான் என்பதில் நான் மாறவில்லை.

ஜூலை 8, காலை 7.50 – தென்காசி சாரல்

குற்றாலத்தில் சீசன் வழிகாட்டி நான். இங்கே கதை வேறு. அருவியில் தண்ணீர் ஏறி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் குழு நம்பாது. வழிகாட்டி நேரத்தை மிச்சம் பிடிக்கிறான் என்றுதான் நினைக்கும். அதனால் நான் பஸ்ஸில் வைத்துச் சொல்வதில்லை. மெயின் அருவி வரை கூட்டிப்போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்து, தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுவதைக் காட்டிவிட்டுத்தான் பேசுவேன். கண்ணால் பார்த்தவன் வாதாடமாட்டான்.

இன்னொன்று, முன்சீட்டு அண்ணாச்சியின் வரிசை ஆபத்து நேரத்துக்கு ஆகாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையன் போய்விட்டானே. அந்த நேரத்தில் ரூம் அதேதான், சாப்பாடு அதேதான் என்றா சொல்வீர்கள்? "வெளியே வாங்க, படிக்கு மேல" என்று இரண்டே வார்த்தை. காரணம் மேலே வந்தபிறகு.

ஜூலை 8, காலை 8.30 – முன்சீட்டுக்காரன்

சரியான வெட்டு. நான் சொன்னது தாமதத்துக்கு மட்டும். ஆபத்துக்கு இல்லை. பசங்களுக்கு இரண்டையும் தனித்தனி நாளில் பழக்கவேண்டும் போல. ஒரே நாளில் சொன்னால் வெள்ளத்தில் நின்று விளக்கம் சொல்வான், ரயில் லேட்டுக்குக் கத்துவான்.

ஜூலை 8, இரவு 8.15 – பாளை வாசகர்

சரி, என் கட்சியை விட்டுவிட்டேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன், இன்றைக்குச் சொதி வைத்தாள். இனி பழக்குவது எப்படி? பஸ்ஸில் பயணிகளை வைத்தா பழக்கமுடியும்?

ஜூலை 8, இரவு 9.40 – முன்சீட்டுக்காரன்

சொதிக்கு வாழ்த்துகள்.

நான் செய்வது இது. காலி பஸ், ஷெட்டில் நிற்கட்டும். டிரைவர், கிளீனர், உங்கள் ஆபீஸ் ஆள், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் என்று எட்டுப் பத்துப் பேரைப் பரவலாக உட்காரவைப்பேன். ஒருவர் கடைசி சீட்டில். பையன் கையில் துண்டுச் சீட்டு: "ரயில் இரண்டரை மணி லேட், நத்தம் நடை சாத்தியாச்சு" என்று ஒரு வரி. யோசிக்க இரண்டு நிமிஷம். முதலில் டிரைவரிடம் போய்ப் பேசுகிறானா என்று பார்ப்பேன். டிரைவருக்குத் தெரியாமல் மைக்கில் சொன்ன மாற்றம் எதுவும் உருப்பட்டதில்லை. அப்புறம் ஆள் எண்ணுகிறானா. ஆச்சி சொன்ன பாத்ரூம் கதைக்கு மருந்து அதுதான், எல்லோரும் ஏறாமல் வாய் திறக்கக்கூடாது. அப்புறம் எஞ்சினை நிறுத்தச் சொல்கிறானா. (சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சி, இதில் நீங்கள் பாதி ஜெயித்தீர்கள். எஞ்சின் ஓடினால் எந்த மைக்கும் கடைசி சீட்டுக்குப் போய்ச் சேராது.)

ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்கவேண்டும். நடுவில் நானே வயசான பயணி மாதிரிக் குறுக்கே பேசுவேன்: "தம்பி, இதுக்குத்தான் காசு கொடுத்தோமா?" பதில் சொல்லப் போகக்கூடாது. "முடிச்சுட்டு உங்ககிட்ட வாரேன் ஐயா" என்று தொடரவேண்டும், முடித்ததும் உண்மையிலேயே அவரிடம் போகவேண்டும். போகாமல் விடுவதுதான் பசங்கள் அதிகம் செய்யும் தப்பு.

அவன் முடித்ததும் மூன்று பேரிடம், முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர், தனித்தனியாகக் கேட்பேன். என்ன மாறியது? எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்? அடுத்த சேதி எப்போது? மூவரும் ஒரே பதில் சொன்னால் பையன் தேறிவிட்டான். ஆளுக்கொரு நேரம் சொன்னால் திரும்பவும் முதலிலிருந்து. அழகாகப் பேசினானா என்பதை நான் பார்ப்பதே இல்லை.

ஜூலை 9, காலை 6.05 – முன்சீட்டுக்காரன்

நேற்றைய குறிப்பில் நேரத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ரயில் எட்டரைக்கும் ஒன்பதேகாலுக்கும் நடுவில் வரும் என்று தோன்றினால் ஒன்பதேகால் என்றுதான் சொல்லவேண்டும். முன்னால் வந்தால் சந்தோஷம். எட்டரை என்று சொல்லி ஒன்பதுக்கு வந்தால் அது இன்னொரு தாமதம்.

ஒன்றுமே தெரியாதபோது "தெரியலை" என்று சொல்லலாமா என்று பையன்கள் கேட்பார்கள். தாராளமாக. ஆனால் "எட்டேமுக்காலுக்குத் திரும்ப வந்து சொல்றேன்" என்பது கூடவே வரவேண்டும். எட்டேமுக்காலுக்குச் சேதி இல்லாவிட்டாலும் வந்து நிற்கவேண்டும்.

ஜூலை 9, காலை 11.15 – கடைசி சீட்டு ஆச்சி

இரண்டு வழி இருந்தால் கூட்டத்தைக் கேட்டு முடிவெடுக்கலாமா என்பதையும் எழுதுங்கள். என் அனுபவத்தில் கேட்டால் சண்டைதான் வருகிறது.

ஜூலை 9, பகல் 12.30 – தென்காசி சாரல்

நான் கேட்பேன் ஆச்சி. கை தூக்கச் சொல்வேன். ஐந்தருவியா, பழைய குற்றாலமா என்றால் அதில் என்ன சண்டை.

ஜூலை 9, பகல் 1.10 – முன்சீட்டுக்காரன்

அருவிக்குச் சரிப்படும். நேர்த்திக்கடனுக்குச் சரிப்படாது. முப்பது பேர் கை தூக்கி அந்த அம்மாவின் பெருங்குளத்தைத் தோற்கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் தனித்தனியாகக் கேட்டுவிட்டு நானே முடிவெடுப்பதும் எல்லோருக்கும் பிடிக்காது. அந்த மாசியில் படகை விட்டதற்கு ஒருவர் மூன்று நாளும் என்னிடம் பேசவில்லை. இதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

ஜூலை 13, இரவு 10.20 – பாளை வாசகர்

ஷெட்டில் மூன்று நாள் பழக்கினேன். என் மாமனார் குறுக்கே பேசும் பயணி. பிறவிக் கலைஞன்! ஒரு பையன் இரண்டாம் நாளே மூன்று பேரிடமும் ஒரே பதில் வாங்கிவிட்டான். இன்னொருவன் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, நேரத்தை மட்டும் விழுங்கிவிடுகிறான்.

இன்று காலை முதல் பையனுக்கு நிஜமான சோதனை. மதுரைக் குழு, 22 பேர். கிருஷ்ணாபுரம் போகும் வழியில் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. "மத்தியானச் சாப்பாடு மாறலை, சாயந்தரம் நெல்லையப்பர் கோயிலும் மாறலை. டயர் சரியாகிற நேரம் இப்போ தெரியலை, பத்தரைக்கு வந்து சொல்றேன்" என்றிருக்கிறான். பத்தரைக்கு மெக்கானிக் வரவில்லை. எழுந்து நின்று, "இன்னும் ஆள் வரலை. பத்தேமுக்காலுக்குத் திரும்ப வாரேன்" என்றானாம். முன்சீட்டில் ஒரு பெரியவர், "சரிப்பா, நீ முதல்ல ஒரு டீ குடி" என்றிருக்கிறார்.

நேரத்தை விழுங்குகிறவனுக்கு என்ன செய்யலாம்?

ஜூலை 13, இரவு 10.45 – முன்சீட்டுக்காரன்

துண்டுச் சீட்டில் நேரத்தை மட்டும் எழுதிக் கையில் கொடுங்கள், வேறொன்றும் எழுதவேண்டாம். முதலில் அந்தச் சீட்டைக் கடைசி சீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, நடந்து முன்னால் வந்து பேசச் சொல்லுங்கள். ஸ்டெப்னி விஷயத்தை டிரைவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.